‘இன்னுமா முடியவில்லை???’: ஒரு கோப மின்னஞ்சலைத் திருத்திய கதை

வெளி நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு போட்டுக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் நடந்தது இது. அங்கே சுற்றறிக்கை, வாடிக்கையாளர் கடிதம் இவற்றை எழுதுவது என் வேலை. அதனால் மற்றவர்களும் தாங்கள் எழுதியதை அனுப்புமுன் என்னிடம் காட்டிவிட்டுப் போவார்கள். ஒரு வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஒரு குழுவின் மேலாளர் தன் வரைவை எனக்கு அனுப்பியிருந்தார். முந்தைய இரவு 10.40-க்கு எழுதியது. அனுப்பும் பொத்தானை அழுத்தப் போய், கடைசி நேரத்தில் கையை எடுத்துவிட்டாராம். கூடவே ஒரு வரி: ‘கொஞ்சம் காரமாக இருக்கும் போலிருக்கிறது. சரி செய்து கொடுங்கள். ஆனால் அவசரம் குறையக் கூடாது.’

வரைவு இதுதான். ஏழு பேருக்குப் போக வேண்டியது. பிரிவுத் தலைவருக்கு நகல்.

பொருள்: இன்னுமா முடியவில்லை???

> அனைவருக்கும்,
> எத்தனை முறை சொன்னாலும் உங்களுக்கு ஏறவே ஏறாதா? போன மாதமும் இதே கதை. இந்த மாதமும் வருகைப் பதிவுத் திருத்தம் அப்படியே கிடக்கிறது. நான் கேட்டால்தான் வேலை நடக்கும் என்றால் நீங்கள் எல்லாம் எதற்கு? வாடிக்கையாளர் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறார், உங்களை இல்லை. சிலர் ஆறு மணி அடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். இன்றைக்காவது முடிப்பீர்களா, இல்லை இதற்கும் ஒரு காரணம் சொல்வீர்களா? உடனே எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். இனிமேல் எந்தச் சாக்கையும் கேட்க நான் தயாராக இல்லை. இதுவே கடைசி எச்சரிக்கை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மனிதர் கொடுமைக்காரர் இல்லை. புதன்கிழமை முழுக்க வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கியிருக்கிறார். வாங்கியதை அப்படியே கீழே தள்ளிவிடப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

என் முதல் திருத்தம் தோற்றது

எனக்கும் அன்றைக்கு வேறு வேலை கிடந்தது. பத்து நிமிடத்தில் குத்தலான சொற்களையெல்லாம் உருவி எடுத்துவிட்டு இப்படி ஒன்றை அனுப்பினேன்:

> அனைவருக்கும் வணக்கம். இம்மாத வருகைப் பதிவுத் திருத்தங்களில் சில இன்னும் நிலுவையில் இருப்பதாகத் தெரிகிறது. தயவுசெய்து கூடிய விரைவில் இவற்றை முடித்துத் தந்தால் மிகவும் உதவியாக இருக்கும். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

மேலாளர் இருக்கையைத் தேடியே வந்துவிட்டார். “இதைப் படித்தால் அடுத்த வாரம் செய்தால் போதும் என்று எனக்கே தோன்றுகிறதே!” என்றார். அவர் சொன்னது சரி. ‘சில’, ‘தெரிகிறது’, ‘கூடிய விரைவில்’, ‘உதவியாக இருக்கும்’ என்று நான் போட்ட ஒவ்வொரு சொல்லும் வேலையை ஓர் அங்குலம் தள்ளி வைத்தது.

இதைச் சொல்நடைக் கோளாறு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்த்தேன். ‘கூடிய விரைவில்’ என்பதை ‘உடனடியாக’ என்று மாற்றினேன். பயனில்லை. அப்புறம்தான் அவருடைய வரைவையே மறுபடி எடுத்து, வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து எழுதினேன். மொத்தம் பத்து வாக்கியங்கள். வேலையைப் பற்றிப் பேசுபவை இரண்டே இரண்டு: திருத்தம் கிடக்கிறது, உடனே முடிக்க வேண்டும். மீதி எட்டும் மனிதர்களைப் பற்றியவை. சரி, அந்த இரண்டிலாவது ஏதாவது தகவல் உண்டா என்று பார்த்தால் எத்தனை திருத்தம், யார் கையில், எத்தனை மணிக்குள், தவறினால் என்ன ஆகும் என்று எதுவுமே இல்லை. ‘இன்றைக்காவது’ என்று இருக்கிறது. இரவு 10.40-க்கு எழுதி, மறுநாள் காலையில் படிக்கப்படும் கடிதத்தில் ‘இன்றைக்கு’ என்றால் எந்த நாள்?

தகவல் இருக்க வேண்டிய இடத்தில் கோபம் உட்கார்ந்திருந்தது. கோபத்தை எடுத்ததும் அந்த இடம் காலியாகிவிட்டது. நான் அந்தக் காலியிடத்தில் மரியாதைச் சொற்களைப் பரப்பி வைத்திருந்தேன். மொழியைத் தேய்த்துப் பயனில்லை, விஷயம் கிடைத்தாக வேண்டும் என்று தெரிந்ததும் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன்.

கேட்டு வாங்கியவை

எது முடியவில்லை என்று கேட்டேன். “எல்லாமேதான்” என்றார். கணினியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அந்த வாடிக்கையாளரிடம் வேலை செய்பவர்கள் 340 பேர். அவர்களுடைய பதிவுகளில் திருத்தம் பாக்கி இருந்தவை 41. கோபத்தில் ‘எல்லாம்’ என்று தெரிந்தது, எண்ணிப் பார்த்தால் 41 ஆனது. அதைப் பார்த்ததுமே அவருடைய குரல் சற்று இறங்கியதைக் கவனித்தேன்.

எப்போதைக்குள் வேண்டும் என்று கேட்டேன். “உடனே” என்றார். ஏன் உடனே என்று கேட்டபோதுதான் சரக்கு வெளியே வந்தது. சம்பளக் கோப்பு வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். தாண்டினால் அடுத்த வேலைநாளான திங்கள்கிழமைதான் எடுத்துக்கொள்வார்கள். கோப்பு வங்கிக்குப் போகுமுன் வாடிக்கையாளரின் கணக்கு அதிகாரி பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அவருக்கு மதியம் 12 மணிக்காவது கிடைத்தால்தான் நிதானமாகப் பார்ப்பார். நம் பக்கத்தில் கணக்கீட்டை ஓட்டி, சரிபார்த்து முடிக்க மூன்று மணி நேரம். ஆக வெள்ளி காலை 9 மணிக்குக் கணக்கீடு தொடங்கியாக வேண்டும். அதற்கு வியாழன் மாலைக்குள் திருத்தங்கள் முடிந்து பதிவு பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து முடித்தால் ஆகாதா என்று கேட்டேன். ஆகாதாம். திருத்தத்தில் சந்தேகம் வந்தால் வாடிக்கையாளர் அலுவலகத்தைக் கேட்க வேண்டும், அங்கே 5 மணிக்கு மேல் யாரும் தொலைபேசியை எடுப்பதில்லை. அதனால்தான் 5 மணி.

இந்தக் கணக்கு முழுவதும் அவர் மனதில் இருந்தது. மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்ததால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார். குழுவில் இருந்தவர்களுக்கோ ‘மாதக் கடைசி வேலை’ என்ற அளவில்தான் தெரியும். கோபக் கடிதங்களில் நான் அடிக்கடி பார்ப்பது இது: எழுதுபவரை எது துரத்துகிறதோ அது கடிதத்தில் இருக்காது, துரத்தப்படும் பதற்றம் மட்டும் இருக்கும்.

அடுத்து, யார் கையில் இருக்கிறது என்று கேட்டேன். 41-ம் இரண்டே பேரிடம் இருந்தன. கடிதமோ ஏழு பேருக்கு. மீதி ஐந்து பேர் தங்களுக்குத் தொடர்பே இல்லாத ஒன்றுக்காகத் திட்டு வாங்கியிருப்பார்கள். அந்த இருவரும்கூட ‘அனைவருக்கும்’ என்பதைப் பார்த்து, இது பொதுவாகச் சொன்னது என்று ஒதுங்கியிருக்கலாம். இன்னொன்று: ஆறு மணிக்குப் பையைத் தூக்குகிறவர் என்று மேலாளர் மனதில் வைத்திருந்தவர் அந்த ஐந்து பேரில் ஒருவர். 41-ல் ஒன்றுகூட அவருடையது இல்லை.

கடைசியாக, ஏன் நிற்கிறது என்று கேட்டேன். மேலாளரிடம் பதில் இல்லை. “கேட்டால் ஏதாவது காரணம் சொல்வார்கள்” என்றார். அந்த ‘ஏதாவது’ என்ன என்று தெரியாமல் எழுத முடியாது என்று சொல்லி, இருவரில் மூத்தவரை அழைக்கச் செய்தேன். ஐந்து நிமிடப் பேச்சு. 41-ல் 19 இரவுப் பணிக்காரர்களுடையவை. அவர்கள் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்று வாடிக்கையாளர் தரப்பு மேற்பார்வையாளர் ஒருவர் உறுதி செய்ய வேண்டும். இரண்டு முறை எழுதியும் அவரிடமிருந்து பதில் வரவில்லை. மீதி 22 மட்டுமே இவர்கள் தாங்களாகவே முடிக்கக் கூடியவை. 19-க்குப் பதில் வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து முடித்துக்கொள்ளலாம் என்று அந்த 22-ஐயும் தள்ளி வைத்திருந்தார்கள். அது அவர்கள் தவறு. ஆனால் மேற்பார்வையாளரை அசைப்பது அவர்களால் ஆகிற காரியம் இல்லை. அதற்கு மேலாளர்தான் தொலைபேசியை எடுக்க வேண்டும்.

அந்த இரவுக் கடிதம் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிரிவுத் தலைவருக்கு நகல் போயிருக்கிறது. அந்த இருவரும் காலையில் முதல் வேலையாக, தாங்கள் எழுதிய இரண்டு நினைவூட்டல்களையும் தேடி எடுத்து இணைத்து, தங்கள் மேல் தவறில்லை என்று தலைவருக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருப்பார்கள். இருக்கிற சில மணி நேரத்தில் பாதி அதிலேயே கரைந்திருக்கும்.

குத்தல் எங்கே ஒளிந்திருக்கிறது

மொழிப் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழில் இந்த வேலை செய்யும்போது கண்ணில் படாமல் தப்பும் இடம் ஒன்று உண்டு.

மேலாளர் தன் வரைவைப் பற்றிச் சொன்னது: “நான் யாரையும் மரியாதைக் குறைவாக எழுதவில்லையே. ‘நீங்கள்’ என்றுதானே போட்டிருக்கிறேன்?” உண்மைதான். ஒரு வசைச்சொல்கூட அதில் இல்லை. ஆனால் நம் மொழியில் குத்தல் சொல்லில் இருப்பதைவிட, சொல்லின் வாலில்தான் அதிகம் இருக்கிறது. ‘இன்றைக்கு முடிப்பீர்களா’ என்றால் கேள்வி. ‘இன்றைக்காவது முடிப்பீர்களா’ என்றால் இத்தனை நாளும் முடிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு. ‘நான் கேட்டால்’ என்பதற்கும் ‘நான் கேட்டால்தான்’ என்பதற்கும் அதே தூரம். ‘இதற்கும் ஒரு காரணம்’ என்பதில் உள்ள ‘உம்’ ஒன்றே, இதுவரை நீங்கள் சொன்னதெல்லாம் பொய் என்கிறது. ‘இருக்கிறது’ என்று எழுதக்கூடிய இடத்தில் ‘கிடக்கிறது’. ‘ஏறாதா’ என்பது போதாதென்று ‘ஏறவே ஏறாதா’. ஆவது, தான், உம், ஏ ஆகிய இந்த நான்கையும் வட்டமிட்டுப் பார்த்தாலே ஒரு தமிழ்க் கடிதத்தின் சூடு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இவை எப்போதும் தவறு என்று சொல்ல வரவில்லை. நானே இந்தப் பத்தியில் எத்தனை ‘தான்’ போட்டிருக்கிறேன் என்று எண்ணலாம். ஆளைப் பார்த்துச் சொல்லும் வாக்கியத்தில் வரும்போது மட்டும் கவனம் வேண்டும்.

அடுத்தது ‘ஆக வேண்டும்’ என்ற முடிவு. இதை எடுத்துவிட எனக்கு மனமில்லை. நெருக்கடியைச் சொல்ல நம்மிடம் உள்ள அழுத்தமான வடிவம் அதுதான். ஆனால் அது யார் மேல் விழுகிறது என்பதில் விஷயம் இருக்கிறது. ‘நீங்கள் முடித்தாக வேண்டும்’ என்றால் மேலாளர் அழுத்துகிறார். ‘கோப்பு 4 மணிக்குள் வங்கிக்குப் போயாக வேண்டும்’ என்றால் கடிகாரம் அழுத்துகிறது. அழுத்தம் இரண்டிலும் ஒன்றே. முதலாவதைப் படிப்பவர் மேலாளரோடு மல்லுக்கட்டுவார், இரண்டாவதைப் படிப்பவருக்கு மல்லுக்கட்ட ஆள் இல்லை.

இதைப் பணிவாக்குகிறேன் என்று சிலர் ‘திருத்தங்கள் மேற்கொள்ளப்பட வேண்டும்’ என்று எழுதுவார்கள். அது இன்னும் மோசம். யார் மேற்கொள்வது? ஏழு பேரும் மற்ற ஆறு பேரைப் பார்ப்பார்கள். தொழில்முறை நடை என்றால் செயப்பாட்டு வினை என்று எங்கிருந்து இந்தப் பழக்கம் வந்ததோ தெரியவில்லை.

‘தயவுசெய்து’வையும் எடுத்துவிட்டேன். ‘முடித்துக் கொடுங்கள்’ என்பதிலேயே மரியாதை இருக்கிறது. நெருக்கடியான கடிதத்தில் அதற்கு மேல் ‘தயவுசெய்து’ சேர்ந்தால், படிப்பவர் மனநிலையைப் பொறுத்துக் கெஞ்சலாகவோ நக்கலாகவோ கேட்கும். ‘உடனே’, ‘அவசரம்’ இரண்டும்கூடப் போயின. அந்த மாதம் மட்டும் அவர் அனுப்பிய மின்னஞ்சல்களில் பொருள் வரியில் ‘அவசரம்’ என்று இருந்தவை 11. பன்னிரண்டாவதை யார் பொருட்படுத்துவார்கள்?

போன கடிதம்

பெயர்களுக்குப் பதிலாக அ, ஆ என்று போட்டிருக்கிறேன். பெறுநர்கள் இருவர் மட்டுமே. யாருக்கும் நகல் இல்லை.

பொருள்: இன்று மாலை 5 மணிக்குள் 22 வருகைத் திருத்தங்கள் – நாளை சம்பளக் கோப்பு வங்கிக்கு

> இருவருக்கும் வணக்கம்.
>
> இம்மாதச் சம்பளக் கோப்பு நாளை (வெள்ளி) மாலை 4 மணிக்குள் வங்கிக்குப் போயாக வேண்டும். தவறினால் 340 பேருக்கும் திங்கள்கிழமைதான் சம்பளம் கிடைக்கும். நாளை காலை 9 மணிக்குக் கணக்கீடு தொடங்கினால்தான் 12 மணிக்கு வாடிக்கையாளரின் ஒப்புதலுக்கு அனுப்ப முடியும். எனவே இன்று (வியாழன்) மாலை 5 மணிக்குப் பதிவைப் பூட்டுகிறோம்.
>
> 41 திருத்தங்கள் மீதி உள்ளன. அவற்றில் 22 நாமே முடிக்கக் கூடியவை: அ – 12, ஆ – 10. மற்றதற்குக் காத்திராமல் இந்த 22-ஐ இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று வேறு வேலை ஏதாவது இதற்குக் குறுக்கே வந்தால் என்னிடம் சொல்லுங்கள், அதைத் தள்ளி வைக்கிறேன்.
>
> இரவுப் பணிக்காரர்களின் 19 திருத்தங்களுக்காக மேற்பார்வையாளரிடம் நானே பேசுகிறேன். 3 மணிக்குள் அவர் உறுதி செய்யாதவற்றை என்ன செய்வது என்று வாடிக்கையாளரிடம் கேட்டு உங்களுக்குச் சொல்கிறேன்.
>
> 2 மணிக்கு எத்தனை முடிந்தது என்று ஒரு வரி அனுப்புங்கள். ஏதாவது ஒன்று 5 மணிக்குள் முடியாது என்று தெரிந்தால், தெரிந்த நிமிடமே கூப்பிடுங்கள்.
>
> போன மாதமும் இதே வேலை கடைசி நாள் வரை வந்தது. ஏன் என்று திங்கள்கிழமை 11 மணிக்கு மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.

நீளம் அவருடைய வரைவைவிட அதிகம். சுருக்கமாக எழுதினால்தான் அவசரம் தெரியும் என்று அவர் முதலில் ஆட்சேபித்தார். பொருள் வரியையும் முதல் பத்தியையும் மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் என்ன தெரிகிறது என்று பாருங்கள் என்றேன். எத்தனை மணி, எத்தனை திருத்தம், தவறினால் என்ன என்ற மூன்றும் அதிலேயே வந்துவிடுகின்றன. மீதியை வேலை பார்க்கும்போது திரும்ப வந்து பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு இடங்களில் நாங்கள் இழுபறி செய்தோம். ஒன்று, ‘கடைசி எச்சரிக்கை’. அதை விட அவருக்கு மனமே இல்லை. எச்சரிக்கை என்பது பல அலுவலகங்களில் ஒழுங்கு நடவடிக்கையின் ஒரு படி. இன்னாருக்கு, இன்ன தவறுக்காக என்று தனியாகத் தர வேண்டியது, பணியாளர் பிரிவுக்குத் தெரிந்து தர வேண்டியது. உண்மையில் அப்படி நினைத்திருந்தால் குழுக் கடிதத்தில் ஒரு வரியாகப் போடுவது முறையில்லை. நினைக்கவில்லை என்றால் அடுத்த மாதம் மறுபடியும் ஒரு ‘கடைசி’ எழுத வேண்டியிருக்கும். “அந்த எச்சரிக்கையை யாருக்குக் கொடுக்கிறீர்கள், அ-வுக்கா ஆ-வுக்கா?” என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு அடித்துவிட்டார்.

இன்னொன்று போன மாதக் கதை. இதில் நான்தான் விட்டுக்கொடுத்தேன். நடப்பு வேலையைக் கேட்கும் கடிதத்தில் பழையது வேண்டாம் என்பது என் வழக்கம். அவர் சொன்னார்: “அதைச் சொல்லவே இல்லையென்றால், நான் அதைக் கவனிக்கவில்லை என்று ஆகிவிடும்.” நியாயம். இரண்டாவது மாதமாக நடக்கிறது என்பது புலம்பல் இல்லை, நடந்த விஷயம். அதனால் ‘இதே கதை’ என்பதை எடுத்துவிட்டு, நடந்ததை ஒரு வரியில் சொல்லி, பேசுவதற்கு நாளும் மணியும் குறித்தோம். அந்த ஒரு வரியில்தான் கண்டிப்பு இருக்கிறது. திங்கள்கிழமை பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது படித்த இருவருக்கும் புரிந்திருக்கும்.

என்ன நடந்தது

கடிதம் காலை 10.20-க்குப் போனது. 12.30-க்கு ஆ தொலைபேசியில் அழைத்தார். அவருடைய பத்தில் மூன்று பேருக்கு விடுப்பு விண்ணப்பமே கோப்பில் இல்லை. வழக்கமாக இது மாலை 5 மணிக்கு மேல்தான் தெரியவரும், அப்போது கேட்க ஆள் இருக்காது. இந்த முறை மதியமே கேட்டு வாங்கிவிட்டார்கள். 2 மணிக்கு அ-விடமிருந்து ‘12-ல் 9’ என்று ஒரு வரி வந்தது. 4.40-க்கு 22-ம் முடிந்தன.

மேற்பார்வையாளர் மேலாளரின் அழைப்பை எடுத்து, 19-ல் 13-ஐ உறுதி செய்தார். மீதி ஆறு பேருக்கு இப்போதுள்ள பதிவின்படியே சம்பளம் கொடுத்துவிட்டு, வித்தியாசம் இருந்தால் அடுத்த மாதம் சேர்த்துத் தருவதென வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார். கோப்பு வெள்ளிக்கிழமை நேரத்துக்குப் போய்விட்டது.

இதையெல்லாம் கடிதத்தின் கணக்கில் எழுதிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. 13 திருத்தங்களை நகர்த்தியது மேலாளரின் தொலைபேசி அழைப்பு. ஆனால் அந்த அழைப்பைச் செய்ய வேண்டியவர் தாமே என்று அவருக்குத் தெரிந்தது, ‘ஏன் நிற்கிறது’ என்ற கேள்விக்குப் பதில் தேடியபோதுதான். திங்கள்கிழமைக் கூட்டத்தில் இன்னொன்றும் வெளிவந்தது: இரவுப் பணித் தாள் மாதாமாதம் கடைசி வாரத்தில்தான் வருகிறது, அப்படித்தான் எப்போதோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள். யாரைத் திட்டினாலும் அது முன்கூட்டி வந்திருக்காது. இனி வாரத்துக்கு ஒரு தாள் அனுப்பச் சொல்லி வாடிக்கையாளருக்கு எழுதினோம்.

இந்த முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. காரணமே இல்லாமல் வேலையைத் தள்ளிப்போடும் ஒருவருக்கு இதே மாதிரி மூன்றாவது கடிதம் எழுதினால் அதுவும் ‘அவசரம்’ என்ற சொல்லைப் போலத் தேய்ந்துவிடும். அங்கே கதவைச் சாத்திவிட்டு நேரில் பேச வேண்டும், எழுத்து அப்புறம். ஒரு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டிய காரியத்துக்கும் கடிதம் கூடாது. எழுதி, கேட்டு, திருத்தி முடிப்பதற்குள் நேரம் போய்விடும், எழுந்து போய்ச் சொல்வதே மேல்.

இன்னொரு பக்கவிளைவை நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த மாதம் மேலாளர் தானே ஒரு கடிதம் எழுதினார். திட்டு இல்லை, எண்கள் இருந்தன, பெயர்கள் இருந்தன, ‘இன்று 3 மணிக்குள்’ என்றும் இருந்தது. 3 மணிக்கு யாரும் அனுப்பவில்லை. 4.30-க்கு வந்தது. என்னிடம் வந்து, “நீங்கள் சொன்ன மாதிரிதானே எழுதினேன்?” என்று கேட்டார். ஏன் 3 மணி என்று கடிதத்தில் காரணம் இல்லை. போன மாதக் கடிதம் 4 மணி, 12 மணி, 9 மணி, 5 மணி என்று மொத்தச் சங்கிலியையும் அவர்களுக்குக் காட்டிவிட்டிருந்தது. உண்மையான எல்லை 5 மணி என்று இப்போது அவர்களுக்கே தெரியும். கையில் இரண்டு மணி நேரம் இருக்கட்டும் என்று அவர் 3 மணி என்று போட்டதும் தெரிந்துவிட்டது.

அதற்கடுத்த மாதக் கடிதத்தை எனக்குக் காட்டாமலே அனுப்பியிருந்தார். அ பிறகு என்னிடம் காட்டினார். ‘பதிவு 5 மணிக்குப் பூட்டப்படும். 3 மணிக்குக் கொடுத்தால் நான் ஒரு முறை முழுவதும் பார்த்துவிடுவேன், தவறு இருந்தால் அன்றைக்கே திருத்தலாம். 3 மணிக்கு முடியாது என்றால் 1 மணிக்குள் சொல்லுங்கள்.’ அன்றைக்கு 2.50-க்கு வந்துவிட்டதாம்.